தாமதத்துக்குக் காரணம்

ரத்தினம் பூனாவுக்கு ரயிலேறியது 1988-ஆம் வருஷம் ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடமும் திறந்தது. அதனால் மகள் தனம் வழியனுப்ப வரவில்லை. அவள் எட்டாம் வகுப்புக்குப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு சேலையூருக்குப் போய்விட்டாள். காந்திமதிதான் மூன்று வயது ரவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக சென்ட்ரலுக்கு நடந்தாள்.

குரோம்பேட்டையில் ரத்தினம் வேலை பார்த்த ரப்பர் பெல்ட் தொழிற்சாலையை முதலாளிகள் மூட்டை கட்டிவிட்டார்கள். மெஷின்கள் லாரியில் ஏறி பூனாவுக்குப் பக்கத்தில் சின்ச்வட் என்ற ஊருக்கு முன்னமே போய்விட்டன. பின்னால் வருகிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கப்படும் என்றார்கள். ரத்தினம் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டான். நாற்பது வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

வண்டி புறப்படும்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே விஷயம்தான். தனத்தை இந்த வருஷமே இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்த வருஷம் மே மாதம் கம்பெனி குவார்ட்டர்ஸ் தருகிறது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும். அந்தக் காலனிப் பள்ளிக்கூடம் இங்கிலீஷில் நடக்கிறது. டி.சி.யில் ஆங்கில வழி என்று இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். தமிழ் வழி என்று இருந்தால் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வார்களாம். அவன் விசாரித்த வரையில் அக்கம்பக்கத்தில் தமிழில் படிக்க வழியே கிடையாது.

"ஆறாவதுல போய் உக்காருவாளா அவ? பதினாலு வயசுல, சின்னப் பிள்ளைங்களோட?" என்றான்.

"உக்கார மாட்டா," என்றாள் காந்திமதி.

"அப்ப படிப்பு நின்னுரும். பாத்துக்க."

வண்டி நகர்ந்தது. ரவி அப்பாவைப் பார்த்துக் கையாட்டாமல் பெட்டியில் எழுதியிருந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காந்திமதிக்குத் தொழில் தையல். சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு. வாசலை ஒட்டிப் போட்ட மெஷின். வருஷத்தில் ஜூன் மாதம்தான் அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தனம் படிக்கும் பெண்கள் பள்ளியின் சீருடை பாதிக்கு மேல் அவள் கையால்தான் தைத்தது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை. ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு மடிப்பு வைத்த பினாஃபோர் கவுன், கழுத்தில் டை. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு எடுத்து அந்த மடிப்பை வைத்தவள், தன் மகளுக்கு அதைத் தைப்பதாக அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க இடம் இல்லை. தமிழ் வழி ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஆங்கில வழிக்குப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டும். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்தினம் சொல்லிவிட்டான்.

மறுநாள் மெஷின் பலகையை மூடி, அதன்மேல் முழுத்தாளை விரித்து அவளே எழுதினாள். அவளும் எட்டாவது வரை படித்தவள். அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள் என்ற இடத்தில், 'என் மகள் ர. தனலட்சுமியைத் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றக் கோருவது குறித்து' என்று எழுதினாள். கீழே விவரம். கணவரின் தொழிற்சாலை வெளி மாநிலம் போய்விட்டது. வரும் மே மாதம் நாங்களும் போக வேண்டும். அதற்குள் ஒரு வருடமாவது ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் அங்கே வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். ஆகையால் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காகிதத்தைப் படித்த முதல் ஆள் வேதசிரோமணி சார். எட்டாம் வகுப்பு பி பிரிவின் கணக்கு ஆசிரியர், தமிழ் வழி. தன் மகள்களின் சீருடையை வாங்கிப் போக அன்று மாலை வந்தவரிடம், பிழை இருக்கிறதா பாருங்கள் சார் என்று அவளே நீட்டினாள். அவர் ஒரு தடவை படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். சீருடைப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எப்பக் குடுக்கப் போறீங்கம்மா?"

"நாளைக்கு, சார்."

அவர் உட்காரவே இல்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஆசிரியர் இடங்களை ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதற்கு ஏற்ப இத்தனை பிரிவு, இத்தனை ஆசிரியர். ஆங்கில வழிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்; அது நிர்வாகத்தின் சொந்தச் செலவில் நடப்பது. எட்டாம் வகுப்பு தமிழ் வழியில் இந்த வருஷம் இரண்டு பிரிவு நிற்பதற்குப் பிள்ளைகள் சரியாக இருக்கிறார்கள், ஒருத்திகூட அதிகம் இல்லை. ஒருத்தி குறைந்தால் பி பிரிவு போய்விடும். பிரிவு போனால் ஓர் ஆசிரியர் உபரி. கடைசியாக வந்தவர் அவர். வேறு எந்த ஊருக்குத் தள்ளுவார்களோ, இடம் கிடைக்கும்வரை சம்பளம் வருமோ வராதோ.

"ஆகஸ்ட் ஒண்ணு தாண்டட்டும்மா. ரெண்டாம் தேதி நானே உங்களைக் கையோட எச்.எம். கிட்ட கூட்டிட்டுப் போறேன். போன வருஷம்கூட ஒரு பொண்ணை அப்படி மாத்தினாங்க."

காந்திமதி ரொம்ப யோசிக்கவில்லை. முந்தைய வருஷம் தனத்துக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்தபோது, இந்த மனுஷன் பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்து வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் எதுவும் தொடவில்லை. எட்டு வாரம் தள்ளிக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? காகிதத்தை மடித்து மெஷின் டிராயரில் போட்டாள்.

பக்கத்துப் போர்ஷன் கங்கையம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அனகாபுத்தூரில் பிறந்த வாய், எதையும் மென்று சொல்லத் தெரியாது.

"இன்னாடி இது, வாத்தியார் வேலைக்கு உன் பொண்ணு வாட்ச்மேனா?" என்றாள். "உன் காரியத்த மொதல்ல முடி. அப்பறம் ஊருக்குப் பந்தல் போடு."

"ரெண்டு மாசம்தானே அக்கா."

"ரெண்டு மாசத்துல இன்னா வேணா நடக்கும். என் வூட்டுக்காரரு அப்பிடித்தான் ரெண்டு மாசம்னு சொல்லிட்டுப் போனாரு."

தனத்துக்கு மாறுவதிலேயே விருப்பம் இல்லை. ஆனாலும் அப்பாவிடம் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்து அவளைச் சிடுசிடுப்பாக்கின. 'அந்த கிளாசுக்குப் போனா நான் மட்டும் பேக்கு மாதிரி நிப்பேன்' என்பாள். பிறகு அவளே ஆங்கில வழிப் பெண் ஒருத்தியிடம் அறிவியல் புத்தகம் வாங்கி வந்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி வேதசிரோமணி சொன்ன சொல் தவறவில்லை. முதல் மணிக்கு முன்னாலேயே காந்திமதியைத் தலைமையாசிரியை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜீவரத்தினம் டீச்சர் நல்ல மனுஷி; கண்டிப்பு உண்டு, வஞ்சகம் கிடையாது. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஜூன்ல குடுத்திருந்தா நானே கையெழுத்துப் போட்டு மாத்தியிருப்பேனேம்மா. ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"

காந்திமதி வேதசிரோமணியைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை விளக்கினார். போன வருஷம் இப்படித்தான் ஒரு பெண்ணை ஆகஸ்டில் மாற்றினார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கணக்கெடுக்கிற தேதிவரை தமிழ் வழியில் காட்டிவிட்டுப் பிறகு மாற்றுகிறீர்களா என்று கேட்டு எழுதிவிட்டுப் போனார்கள். இனி முதல் தேதிக்குப் பிறகு ஒரு பிள்ளையைப் பயிற்று மொழி மாற்ற வேண்டுமென்றால் மாவட்டக் கல்வி அலுவலரின் உத்தரவு வேண்டும். விண்ணப்பத்தைப் பரிந்துரை செய்து அனுப்புகிறேன்; தொழிற்சாலைக் கடிதமும், ஏழாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், தகப்பனார் சம்மதக் கையெழுத்தும் இணைக்க வேண்டும் என்றார்.

வேதசிரோமணிக்கு அந்தத் தணிக்கைக் குறிப்பு தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. வராந்தாவில் வந்து நின்று, "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றார். கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

ரத்தினத்தின் கையெழுத்துக்காகக் காகிதம் பூனா போய் வருவதற்குள் ஆகஸ்ட் போய்விட்டது. மனு கிளம்பியது செப்டம்பரில். உத்தரவு எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், காந்திமதி கெஞ்சிக் கேட்டதன் பேரில், தலைமையாசிரியை தனத்தை ஆங்கில வழி வகுப்பில் சும்மா உட்கார அனுமதித்தார். பெயர் தமிழ் வழிப் பதிவேட்டில். ஆள் ஆங்கில வழியின் கடைசி பெஞ்சில். காலையில் பி பிரிவில் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். காந்திமதி இரவோடு இரவாக மகளுக்கு ஒரு பினாஃபோர்கூட வெட்டி வைத்தாள். மடிப்பு மட்டும் இன்னும் ஓட்டவில்லை.

மூன்றாவது வாரம் ஆண்டு ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே தனத்தைக் கீழே அனுப்பிவிட்டார்கள். பி பிரிவில் அவளை எழுப்பிக் கணக்கு கேட்டார் வந்த அதிகாரி. மூன்று வாரமாக இங்கே நடந்த பாடம் அவளுக்குத் தெரியாது. மாடியில் நடந்த பாடமும் பாதிதான் தெரியும். நின்றாள். "ஆப்சென்ட் ஆகிற பொண்ணா?" என்று அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அதில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. வேதசிரோமணி, "கொஞ்சம் மந்தமான பொண்ணு சார்," என்றார். வேறு என்ன சொல்வார்?

அன்று இரவு தனம், "எந்த கிளாஸ்லயும் எனக்கு எடம் இல்லம்மா," என்றாள். மறுநாளிலிருந்து மாடி ஏற மறுத்துவிட்டாள். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டாள்.

காந்திமதி கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ரவியைக் கங்கையம்மாளிடம் விட்டுவிட்டு, பாதித் தையலைப் போட்டது போட்டபடி விட்டு, ரயிலேறிப் போவாள். அங்கே மரபெஞ்சில் தன்னைப் போல நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தர் கெட்டவர் இல்லை. மனு உள்ளே போயிருக்கிறது, வந்துவிடும் என்பார். அடுத்த தடவையும் அதையே சொல்வார். எட்டாவதுதானே அம்மா, பத்தாவது போல அலறுகிறீர்களே என்று ஒரு முறை சிரித்தார். எட்டாவதை விட்டால் தன் மகளுக்குப் பத்தாவதே இல்லாமல் போகலாம் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று காந்திமதிக்குத் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் மனு திரும்பி வந்தது. மறுக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் விண்ணப்பிக்காததற்கான காரணத்தை மனுதாரரிடம் எழுத்து மூலம் பெற்று அனுப்புக.

தலைமையாசிரியை அந்தக் கடிதத்தைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டு, பதிலை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள் என்று ஆசிரியர்கள் ஓய்வறைப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ, கேட்கவில்லை. வேதசிரோமணி வகுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்.

உண்மைக் காரணம் ஒன்றுதான். ஜூன் மாதமே எழுதி வைத்திருந்தேன். பள்ளி ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் கொடுக்கவில்லை. அதை எழுதினால் மனு தேறிவிடும். அவள் மேல் தவறு இல்லை. ஆனால் போன வருஷத் தணிக்கைக் குறிப்பும் இதுவும் ஒன்று சேரும். பி பிரிவு கண்துடைப்பு என்று ஆகும். இந்த மனுஷனை உபரி என்று வேறு ஊருக்கு அனுப்புவதோடு விட மாட்டார்கள்; வேலையே போகும்.

"எழுதுங்கம்மா," என்றார் வேதசிரோமணி. "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. உங்க பொண்ணு வாழ்க்கை."

"உங்களுக்கு?"

"எனக்கு மூணு பொண்ணு," என்றார். அதைச் சொல்ல நினைத்தாரோ இல்லையோ, வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காந்திமதி பேனா மூடியைக் கழற்றினாள். அந்த மூன்று பெண்களின் அளவும் அவள் நோட்டில் இருக்கிறது. மூத்தவளுக்கு இந்த வருஷம்தான் நீளம் கூட்டித் தைத்தாள். அவர்களைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தன் பெண்ணைப் பூனாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. தன் பெண்ணை விட்டுவிட்டுப் பூனாவுக்குப் போவதாக நினைத்துப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை. மனுவில் எல்லாரும் எழுதுகிற வார்த்தை ஒன்று அவளுக்குத் தெரியும். ரேஷன் கார்டுக்கு, பிறப்புச் சான்றுக்கு, எதற்குத் தாமதமானாலும் எழுதுகிற வார்த்தை. 'எனது அறியாமையின் காரணமாகத் தாமதம் ஏற்பட்டது. மன்னித்து அனுமதி அளிக்க வேண்டுகிறேன்.' எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேதசிரோமணி அதைப் படித்தார். தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அவள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

"அறியாமையா?" என்றாள் கங்கையம்மாள். "எல்லாம் தெரிஞ்சுதான்டி மாட்டிக்கினு கீற. இதுக்குப் பேரு அறியாமையா?"

அறியாமைக்காக எந்த அலுவலகமும் அவசரப்படாது. நவம்பரில் அதிகாரி மாறிவிட்டார். ஜனவரியில் சட்டசபைத் தேர்தல். எல்லாருக்கும் தேர்தல் வேலை. பிப்ரவரியில் கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். மார்ச் மாதம் எழுத்தரே அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "ஆண்டே முடியுதேம்மா, இனிமே எதுக்கு அலையறீங்க," என்றார். அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அலுவலகம் பூட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். வந்த ரயிலில் ஏறாமல் அடுத்த ரயிலில் ஏறினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரத்தினத்திடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, புண் என்கிறார்கள். மே முப்பத்தொன்றுக்குள் குடும்பம் வராவிட்டால் குவார்ட்டர்ஸ் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தனத்தை எப்படியாவது கூட்டி வா, ஆறாவதோ ஏழாவதோ, இல்லாவிட்டால் வீட்டு வேலை கற்றுக்கொள்ளட்டும்.

அந்தக் கடைசி வரியைக் காந்திமதி மகளுக்குப் படித்துக் காட்டவில்லை. தனம் தானாகவே எடுத்துப் படித்துவிட்டாள்.

"நான் வரல," என்றாள்.

"அப்பா முடியாம இருக்காரு தனம்."

"நீ போ. ரவிய கூட்டிட்டுப் போ. ஸ்கூல் ஆஸ்டல்ல என்னைச் சேத்துட்டுப் போ. நான் இங்கயே தமிழ்லயே படிக்கிறேன். மாடிக்கு ஏறு, கீழ எறங்குன்னு இனிமே யாரும் என்னச் சொல்ல வேணாம்."

காந்திமதி அடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. அடித்துவிட்டு, அடித்த கையாலேயே மகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனம் அழவில்லை. அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள், பெரிய மனுஷி மாதிரி.

மே கடைசியில் காந்திமதி மெஷினைக் கங்கையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, ரவியோடு ரயிலேறினாள். விடுதியில் தனத்துக்குப் பாதுகாவலர் என்ற இடத்தில் கங்கையம்மாள் கைநாட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதாகச் சத்தியம் செய்தாள், செய்யவும் செய்தாள்.

சின்ச்வட்டில் காந்திமதி புது மெஷின் வாங்கவில்லை. ரத்தினத்துக்குக் குழைந்த சோறு வடித்துக் கொடுத்தாள். ரவியைக் காலனிப் பள்ளியில் சேர்த்தாள். மாலையில் காலனிப் பெண்கள் சீருடையோடு கூட்டமாகத் திரும்பும்போது உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பாள். அக்கம்பக்கத்துக்காரிகள் எத்தனை பிள்ளை என்று கேட்டால் இரண்டு என்பாள். மூத்தது எங்கே என்று கேட்டால் மெட்ராஸில் படிக்கிறது என்பாள். ஏன் என்று கேட்டால், அவர்கள் பாஷை தனக்குத் தெரியாது என்பதுபோல் சிரித்து வைப்பாள்.

மறு வருஷம் கோடை விடுமுறையில் தனம் வந்து போனாள். கொஞ்சம் விருந்தாளியாகத்தான் வந்தாள்.

1990 டிசம்பரில், அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. காந்திமதி அதை அடுப்படியில் நின்றபடியே பிரித்தாள்.

'அன்புள்ள அம்மாவுக்கு, நானும் கங்கையம்மா பெரியம்மாவும் நலம். அப்பாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது? போன செவ்வாய்க்கிழமை எச்.எம். என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நீ குடுத்த மனுவுக்கு உத்தரவு வந்திருக்கிறது. என்னை ஆங்கில வழிக்கு மாற்ற அனுமதி அளித்திருக்கிறார்களாம். எட்டாம் வகுப்புக்கு. டீச்சர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பள்ளியிலிருந்து ஏதாவது பதில் எழுத வேண்டுமாம், உங்க அம்மாவிடம் கேட்டு எழுதட்டுமா என்று கேட்டார்கள். உன்னை அலைய வைக்க வேண்டாம் என்று நானே எழுதிக் குடுத்துவிட்டேன். மாணவி தமிழ் வழியிலேயே தொடர விரும்புகிறாள் என்று. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டேன். அரைப் பரீட்சையில் கணக்கில் நான்தான் முதல். பதினொன்றும் இங்கேயே சேரலாம் என்று இருக்கிறேன். கோடை லீவுக்கு இந்தத் தடவை வர மாட்டேன் அம்மா. ரவியைக் கேட்டதாகச் சொல்.'